சடங்கில் ஒலித்த மொழி வகுப்பறைக்கு வந்தது எப்படி: மேன் தீவின் மாங்ஸ் மொழி பற்றிய நிகழ்வு ஆய்வு

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான கடலில் உள்ள மேன் தீவில், செயின்ட் ஜான்ஸ் என்னும் சிற்றூரில், படிப்படியாக உயர்ந்து செல்லும் புல்மேடு ஒன்று இருக்கிறது. வழக்கமாக ஜூலை 5ஆம் நாள், தீவின் நாடாளுமன்றமான டின்வால்ட் அந்த மேட்டின் மீது வெட்டவெளியில் கூடும். புதிய சட்டங்களின் சுருக்கம் மக்கள் முன்னிலையில் ஆங்கிலத்திலும் மாங்ஸ் மொழியிலும் வாசிக்கப்படும். குறித்த காலத்துக்குள் இப்படி அறிவிக்கப்படாத சட்டம் செல்லாது என்பதால், இந்தச் சடங்குக்கு உண்மையான சட்டப் பொருள் உண்டு. இருபதாம் நூற்றாண்டு முழுவதும், அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தபோதும், வாசிப்பு நிற்கவில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று, மாங்ஸைக் குழந்தைப் பருவத்திலிருந்து பேசி வளர்ந்த கடைசி மனிதராகக் கருதப்படும் நெட் மாட்ரெல் என்னும் மீனவர் இறந்தார். அடுத்த ஜூலையில் சடங்கு நடப்பதற்கு அவருடைய மறைவு எந்தத் தடையாகவும் இருக்கவில்லை.

அதே சிற்றூரில், 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு பழைய பள்ளிக் கட்டடத்துக்குச் சிறு தொடக்கப்பள்ளி ஒன்று இடம்பெயர்ந்து வந்தது. பன்ஸ்கோல் கில்கக் என்பது அதன் பெயர். 'மாங்ஸ் தொடக்கப்பள்ளி' என்று பொருள். கணிதம், வரலாறு, அறிவியல் எல்லாம் அங்கே மாங்ஸ் மொழியில்தான் கற்பிக்கப்படுகின்றன. மொழி அடையாளமாக மட்டும் நிற்பதற்கும் மறுபடி உயிர்பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க விரும்புவோருக்கு இந்த ஒரே ஊர் போதும். புல்மேட்டில் மாங்ஸ் ஒலிக்க, ஒரு வாசிப்பாளர் எழுதியதைச் சரியாக உச்சரித்தால் போதும். பள்ளியில் ஓர் ஆசிரியருக்குப் பின்னத்தைக் கூட்டுவது எப்படி என்று மாங்ஸில் விளக்கத் தெரியாவிட்டால் அன்றைய பாடமே நின்றுவிடும். இந்தக் கட்டுரையில் நான் கையாளும் உரைகல் இதுதான்: நாளை காலை அந்த மொழியை எடுத்துவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?

மொழி உறங்கிய விதம்

மாங்ஸ், ஐரிஷ் மொழிக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கும் உடன்பிறந்த மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தீவின் நாட்டுப்புறங்களில் அதுவே வீட்டு மொழி. மொழி ஆய்வாளர் ஹென்றி ஜென்னர் 1874ஆம் ஆண்டு ஊர் ஊராகப் பாதிரியார்களிடம் விசாரித்துத் திரட்டிய கணக்கில், தலைநகர் டக்ளஸ் நீங்கலாக ஏறத்தாழ 12,000 பேர் அதைப் பேசினர். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 4,419 ஆயிற்று, 1921இல் 896. இரண்டு தலைமுறைக்குள் ஏற்பட்ட இந்தச் சரிவுக்குத் தனித்த ஒரு காரணம் கிடையாது. ஆங்கிலேயச் சுற்றுலாப் பயணிகள் பெருமளவில் வந்து இறங்கினர். வேலைவாய்ப்பு அவர்களைச் சுற்றி அமைந்தது. கட்டாயக் கல்வி வந்தபோது அது ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. மாங்ஸ் பேசினால் ஒரு காசுகூடச் சம்பாதிக்க முடியாது என்ற பேச்சு அந்தக் காலத்து மாங்ஸ் மொழியிலேயே வழங்கியது. பெற்றோர் தங்களுக்குள் மாங்ஸிலும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலும் பேசத் தொடங்கினர். ஒரு மொழியை நிறுத்த இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

மாட்ரெல் விதிவிலக்காக அமைந்ததற்கும் காரணம் வீடுதான். 1877இல் பிறந்த அவர், க்ரெக்னீஷ் என்னும் மலைச் சிற்றூரில் ஆங்கிலம் அறியாத வயது முதிர்ந்த உறவினர் ஒருவரிடம் வளர்ந்தார். அந்த அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் அவருக்கு வேறு வழியில்லை. அவருடைய வயதொத்த பிள்ளைகள் பலர் அதே ஊரில் ஆங்கிலத்திலேயே வளர்ந்திருக்க, இவருக்கு மொழி வாய்த்தது பற்றினால் அன்று, கட்டாயத்தினால். பின்னால் பள்ளியைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தியை மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

மிதிவண்டியில் வந்த மாணவர்கள்

மாங்ஸ் மீட்பின் வரலாற்றைப் பள்ளியிலிருந்து தொடங்குவது பிழை. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே முதியோர் கல்வி தொடங்கிவிட்டது. 1899இலேயே மாங்ஸ் மொழிச் சங்கம் அமைந்திருந்தது என்றாலும், தீர்மானமான மாற்றம் 1940களிலும் 1950களிலும் வந்தது. டக் ஃபார்கர், வால்டர் கிளார்க், பில் ராட்கிளிஃப் போன்ற சில இளைஞர்கள் விடுமுறை நாட்களில் மிதிவண்டியில் பண்ணை வீடுகளுக்குப் போய், எஞ்சியிருந்த முதியவர்களுடன் உட்கார்ந்து பேசிப் பழகினர். அந்த முதியவர்களில் பலர் பல ஆண்டுகளாகத் தங்கள் மொழியில் யாரிடமும் பேசியிருக்கவில்லை. பேசத் துணை இல்லாமல் போயிருந்தது.

அயர்லாந்தின் பிரதமர் ஏமன் டி வலேரா 1947இல் தீவுக்கு வந்து மாட்ரெலைச் சந்தித்தார். இந்தக் குரல்களைப் பதிவு செய்யும் கருவி தீவின் அருங்காட்சியகத்திடம் இல்லை என்பது தெரிந்ததும், அடுத்த ஆண்டு ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்திலிருந்து கெவின் டேனஹர் ஒலிப்பதிவு வண்டியுடன் அனுப்பப்பட்டார். இசைத்தட்டுகளில் பதிவான அந்தக் குரல்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. இளைஞர்களும் தங்கள் பங்குக்குக் கிடைத்த கருவிகளைக் கொண்டு பதிவு செய்தனர்.

இந்தப் பதிவுகள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒரே சொல்லைக் கொண்டு காட்ட முடியும். மாங்ஸில் 'பெண்' என்பதற்குரிய சொல் எழுத்தில் 'பென்' என்றே இருக்கிறது. (தமிழ்ச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல், இரண்டுக்கும் உறவில்லை.) புத்தகத்தை மட்டும் வைத்துக் கற்பவர் அதை அப்படியே 'பென்' என்று வாசிப்பார். ஆனால் கடைசித் தலைமுறை முதியவர்களின் வாயில் அது பெரும்பாலும் 'பெட்ன்' என்பது போல ஒலித்தது. இறுதி 'ன்'னுக்கு முன் நா ஒரு கணம் மேலண்ணத்தில் தடைபட்டு, மெல்லிய 'ட்' ஒன்று பிறந்தது. இறுதி மெல்லினத்துக்கு முன் இப்படி வல்லினம் தோன்றுவது பிற்கால மாங்ஸின் தனி முத்திரை. எழுத்து முறையில் அதற்கு அடையாளமே கிடையாது. காதால் கேட்டவருக்குத்தான் அது வாய்க்கும். நல்ல ஆசிரியரிடம் கற்றவரையும் நூலில் மட்டும் கற்றவரையும் பிரித்தறிய இத்தகைய நுட்பங்கள் உதவுகின்றன.

இங்கே கார்ன்வால் பகுதியின் மொழியை ஒரு கணம் அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். கார்னிஷ் மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வழக்கொழிந்தது; ஒலிப்பதிவு என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதை மீட்க முயன்றவர்கள் பழைய கையெழுத்துப் படிகளை அடிப்படையாகக் கொண்டனர். எந்த நூற்றாண்டின் படியைப் பின்பற்றுவது என்ற கேள்வியில் பிரிந்து, பல எழுத்து முறைகளாக உடைந்தனர். 2008இல்தான் பொது எழுத்து முறை ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. மாங்ஸ் அந்தச் சண்டையைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டதற்கு இரண்டு காரணங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியான விவிலிய மொழிபெயர்ப்பு எழுத்து முறையை நிலைநிறுத்தியிருந்தது. ஒலி எப்படி இருக்க வேண்டும் என்ற ஐயத்துக்கு உயிருள்ள முதியவர்கள் விடை சொன்னார்கள். அந்த எழுத்து முறை ஆங்கில எழுத்தொலியைத் தழுவியது. மொழியியலாளர்கள் அதை அழகற்றது என்று குறை சொல்வதுண்டு. குறை உண்மைதான். ஆனால் ஒரு சிறு சமூகம் தன் ஆற்றலை எழுத்துச் சீர்திருத்தத்தில் கரைத்துவிடாமல் காத்ததும் அதே எழுத்து முறைதான் என்பது என் கணிப்பு.

மக்கள்தொகைக் கணக்கும் இந்தக் கட்டத்தை மௌனமாகப் பதிவு செய்திருக்கிறது. 1961இல் மாங்ஸ் தெரியும் என்று சொன்னவர்கள் 165 பேர். 1971இல் அது 284 ஆக உயர்ந்தது. இந்தப் பத்தாண்டில் தாய்மொழியாகப் பேசியவர்கள் மாட்ரெலைத் தவிர எல்லோரும் மறைந்துவிட்டனர். ஆக, உயர்வு முழுவதும் வளர்ந்த பின் கற்றுக்கொண்டவர்களால் வந்தது. கடைசி முதியவர் இறந்த நாளில் மொழியைச் சரளமாகப் பேசக்கூடியவர்கள் தீவில் இருந்தார்கள். யாரும் அதைத் தாலாட்டில் கேட்டு வளரவில்லை என்பதுதான் குறை. 'உறங்கும் மொழி' என்ற சொல் மாங்ஸுக்குப் பொருந்துவது இந்தப் பொருளில்தான்.

வாரம் அரை மணி நேரம்

1980களில் மொழிக்கு அரசின் கவனம் கிடைக்கத் தொடங்கியது. டின்வால்ட் 1985இல் மாங்ஸுக்கு ஓரளவு அலுவல் சார்ந்த ஏற்பு அளித்தது. தெருப் பெயர்ப்பலகைகள் இரு மொழிகளில் வந்தன; அரசுத் துறைகளின் பெயர்கள் மாங்ஸிலும் எழுதப்பட்டன. பிறகு 1992இல் பள்ளிகளில் மாங்ஸ் விருப்பப் பாடமாக அறிமுகமாயிற்று. அதற்குப் பொறுப்பேற்றவர் பிரயன் ஸ்டோவெல். இயற்பியலாளரான அவர் 1950களில் ஃபார்கர் குழுவினருடன் பழகி மொழியைக் கற்றவர். மாட்ரெலின் குரலை நேரில் கேட்டவர். ஓரிரு ஆசிரியர்களைக் கொண்ட சிறு குழு தீவின் பள்ளிகளை மாறி மாறிச் சுற்றிவந்து பாடம் நடத்தியது. சேர விரும்பிய பிள்ளைகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததை விட மிகுதியாக இருந்தது. அதனாலேயே ஒரு பிள்ளைக்குக் கிடைத்த நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரமாகச் சுருங்கியது.

இந்த அரை மணி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளி ஆண்டில் 38 வாரங்கள் என்று கொள்வோம். வாரம் அரை மணி என்றால் ஆண்டுக்கு 19 மணி நேரம். ஐந்து ஆண்டுகள் ஒரு பிள்ளை விடாமல் படித்தால் 95 மணி நேரம். முழுவதும் அந்த மொழியிலேயே நடக்கும் பள்ளியில் வாரத்துக்கு 25 மணி நேரம் வகுப்பு என்று கொண்டால், அதே 95 மணி நேரம் நான்கு வாரங்களுக்குள் கிடைத்துவிடும். ஐந்தாண்டு உழைப்பு அங்கே முதல் மாதத்துக்கு ஈடு. இதில் மறதியைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பாடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு நாட்கள் ஆங்கிலத்திலேயே கழிகின்றன.

ஆகவே, அரை மணி நேரப் பாடத்தைப் படித்த பிள்ளை வணக்கம் சொல்லும், நிறங்களின் பெயர் சொல்லும், சில பாட்டுகள் பாடும். தன் காலணியைக் காணவில்லை என்று மாங்ஸில் முறையிடாது. அந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயிரக்கணக்கான வீடுகளில் அது மாங்ஸை இயல்பான ஒரு பொருளாக ஆக்கியது. அதற்கு முன் அது பித்துப்பிடித்த சிலரின் பொழுதுபோக்கு என்றே கருதப்பட்டது. ஆனால் அது பேசுவோரை உருவாக்கும் கருவி என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் மணிக்கணக்கை எடுத்து வைக்க வேண்டும். உலகில் பல மொழிகளுக்கு இன்று நடப்பது இந்த அளவுப் பாடம்தான். அறிக்கைகளில் அது 'பள்ளிகளில் மொழி கற்பிக்கப்படுகிறது' என்ற ஒரே வரியாக, முழுநேரப் பள்ளியையும் அரை மணி வகுப்பையும் வேறுபடுத்தாமல் பதிவாகிறது.

ஒன்பது பிள்ளைகளுடன் ஒரு பள்ளி

அடுத்த கட்டத்தை நகர்த்தியவர்கள் பெற்றோர். 1996இல் 'முன்ஜெர் வெகா', அதாவது 'சின்னஞ்சிறு மக்கள்', என்ற அமைப்பு மாங்ஸ் மொழி மழலையர் குழுக்களைத் தொடங்கியது. அங்கே மூன்று நான்கு வயதில் மாங்ஸ் கேட்டுப் பழகிய பிள்ளைகள் ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய் ஒரு பருவத்துக்குள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்தது. 1999இல் மாங்ஸ் வழிக் கல்விக்காகப் பெற்றோர் சங்கம் ஒன்று அமைந்து அரசிடம் கோரிக்கை வைத்தது. 2001 செப்டம்பரில் வேறொரு பள்ளியின் ஒரு வகுப்பறையில் ஒன்பது பிள்ளைகளுடன் பன்ஸ்கோல் தொடங்கியது. செயின்ட் ஜான்ஸுக்கு வந்த பின் வளர்ந்து, பத்தாண்டு கழித்து ஏறத்தாழ எழுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியாயிற்று.

அங்கே சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் வீட்டு மொழி ஆங்கிலம். ஆசிரியர்களில் பெரும்பாலோர் மாங்ஸை வளர்ந்த பின் கற்றவர்கள். அதாவது, மிதிவண்டியில் போன இளைஞர்களிடமும் அவர்களுடைய மாணவர்களிடமும் மொழியைப் பெற்றவர்கள் மழலையருக்கு அதைக் கொடுக்கிறார்கள். முதியோர் வகுப்பையும் பள்ளியையும் தனித்தனித் திட்டங்களாகப் பார்க்கும் அரசுகள் தவறுவது இந்த இடத்தில்தான். சரளமாகப் பேசக்கூடிய, ஆசிரியப் பயிற்சி பெற்ற, சிறு ஊதியத்துக்கும் நிச்சயமற்ற எதிர்காலத்துக்கும் ஒப்புக்கொண்ட மூன்று நான்கு பேர் கிடைக்கும் வரை எந்தப் பள்ளியும் தொடங்க முடியாது. அவர்களை உருவாக்க இருபது ஆண்டுகள் ஆகும். அந்த இருபது ஆண்டு வேலையை மேன் தீவில் அரசு செய்யவில்லை. மாலை வகுப்புகளும் மதுவிடுதிகளில் நடந்த மாங்ஸ் பேச்சு இரவுகளும் செய்தன.

வகுப்பறைக்குள் மொழி என்ன பாடுபடுகிறது என்பதற்குக் கணிதம் நல்ல சான்று. மரபான மாங்ஸ் இருபது இருபதாக எண்ணும். எழுபத்தைந்தை 'மூன்று இருபதும் பதினைந்தும்' என்று சொல்வது அதன் முறை. மீன் எண்ணுவதற்கும் ஆடு எண்ணுவதற்கும் அது போதும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பத்தின் இடமும் ஒன்றின் இடமும் கற்பிக்க வரும்போது, பலகையில் 7, 5 என்று எழுதிவிட்டு வாயால் மூன்று, இருபது, பதினைந்து என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது, ஐம்பது, அறுபது, எழுபதுக்கெல்லாம் பத்தின் மடங்காக அமைந்த புதிய எண்ணுப்பெயர்கள் இதனால்தான் தேவைப்பட்டன; இன்றைய அகராதிகளில் அவை இருக்கின்றன. மரபை விட்டுவிட்டோமே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அது மொழிக்கு வேலை வந்துவிட்டதன் அடையாளமாகவே படுகிறது. சடங்கில் மட்டும் ஒலிக்கும் மொழிக்கு இப்படியொரு சிக்கல் எழுவதே இல்லை. கணினிக்குச் சொல் வேண்டும், இணையத்துக்குச் சொல் வேண்டும், மதிய உணவுப் பெட்டியை யார் எடுத்தது என்று சண்டை போடவும் சொல் வேண்டும் என்ற நிலை ஏற்படும்போதுதான் சொல்லாக்கம் குழு அறையிலிருந்து வெளியே வருகிறது.

இழப்பும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மாங்ஸில் 'ஆம்', 'இல்லை' என்பதற்குப் பொதுவான சொற்கள் இல்லை. கேட்ட வினையையே திருப்பிச் சொல்லி விடையளிக்க வேண்டும். 'ஜாக் ஊ?' (நீ போனாயா?) என்று கேட்டால் 'ஹை' (போனேன்) என்று வர வேண்டும். 'போனாயா?' 'போனேன்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆங்கிலத்தில் வளர்ந்த காதுக்கு அப்படி இல்லை. எல்லாக் கேள்விக்கும் ஆங்கிலத்தின் 'யெஸ்' போல ஒரே சொல்லை வைத்து விடை சொல்லும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதுபோலவே சொல்லின் முதலெழுத்து மாறும் இலக்கணமும்: நாய் என்பது 'மோத', என் நாய் என்றால் 'மா வோத'. ஆசிரியர் மாற்றிச் சொல்ல மறந்தால் பிள்ளையும் மாற்றாது. பிள்ளையைத் திருத்த, அந்த வயதில் தெருவிலோ வீட்டிலோ வேறு யாரும் இல்லை. சில ஆசிரியர்களின் வாயே ஒரு தலைமுறையின் முழு மொழி உலகமாக இருப்பதால், ஆசிரியரின் பிழை அடுத்த தலைமுறையின் இலக்கணமாகிவிடுகிறது. இதற்கு மருந்து பழைய ஒலிப்பதிவுகளை ஆசிரியப் பயிற்சியில் நாள்தோறும் பயன்படுத்துவதே. பெருமைக்காகக் காப்பகத்தில் வைத்திருப்பதால் அந்தப் பயன் கிடைக்காது.

யுனெஸ்கோ 2009இல் வெளியிட்ட, ஆபத்திலுள்ள மொழிகளின் வரைபடத்தில் மாங்ஸை 'அழிந்த மொழி' என்று வகைப்படுத்தியது. பன்ஸ்கோல் பிள்ளைகள் அந்த அமைப்புக்கு மாங்ஸிலேயே கடிதம் எழுதினார்கள். மொழி அழிந்துவிட்டதென்றால் நாங்கள் எழுதுவது எந்த மொழியில் என்பதுதான் அவர்கள் கேள்வி. வகைப்பாடு 'மிகக் கடும் ஆபத்தில் உள்ளது' என்று மாற்றப்பட்டது. இந்தச் செய்தி உலகெங்கும் வெற்றிக்கதையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கவனிக்க வேண்டியது, புதிய வகைப்பாடும் கடுமையானதே என்பது. அது சரியான வகைப்பாடும்கூட.

பள்ளி வாயிலுக்கு வெளியே

மாட்ரெல் வளர்ந்த வீட்டை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு மாங்ஸ் பேசாமல் முடியாது என்ற நிலை இருந்தது. பன்ஸ்கோல் அந்த நிலையைச் செயற்கையாக, பள்ளி நேரத்துக்கு மட்டும் உருவாக்குகிறது. பிற்பகலில் வாயிலைத் தாண்டியதும் அந்தக் கட்டாயம் கரைந்துவிடுகிறது. பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும், நண்பனுக்கும் தெரியும், கடைக்காரருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். பதினொரு வயதில் மேனிலைப் பள்ளிக்குப் போகும்போது சில பாடங்கள் மட்டுமே மாங்ஸில் கிடைக்கின்றன, மற்றவை ஆங்கிலத்தில். அதுவரை ஒரே மொழியில் பேசிய எழுபது பேர் நடுவே இருந்தவர்கள், நூற்றுக்கணக்கானோர் நடுவே சிதறுகிறார்கள். பதின்ம வயதில் சக மாணவர்களிடமிருந்து வேறுபட்டுத் தெரிய எந்தப் பிள்ளையும் எளிதில் விரும்பாது. முழுநேர மொழிவழிக் கல்வி எங்கே நடந்தாலும் கசிவு மிகுதியாக ஏற்படும் இடம் இதுதான்.

இதை ஈடுசெய்யக்கூடியவர்கள் பெற்றோரே. அங்கேதான் முதியோர் கல்வி இரண்டாவது முறையாக முக்கியமாகிறது. முதல் முறை அது ஆசிரியரை உருவாக்கியது. இப்போது தேவைப்படுவது வேறு வகைக் கற்றல். முப்பத்தைந்து வயதில் வேலைக்குப் போய்க்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளையின் மாங்ஸைப் பின்தொடர முயலும் தாயோ தந்தையோ இலக்கணத் தேர்வுக்குப் படிக்கத் தேவையில்லை. காலையில் பிள்ளையை எழுப்ப, பல் தேய்க்கச் சொல்ல, சாப்பாட்டு மேசையில் திட்ட, இரவில் தூங்க வைக்க அவர்களுக்குச் சில நூறு வாக்கியங்கள் வேண்டும். அவை யோசிக்காமல் வர வேண்டும். மாலை வகுப்புகள் பெரும்பாலும் பாடநூல் வரிசையில்தான் நடக்கின்றன: முதலில் அறிமுகம் செய்துகொள்ளுதல், பிறகு வானிலை, பிறகு பயணம். முதல் ஆண்டு முடிவில் ஒருவர் தன் ஊரைப் பற்றி மூன்று நிமிடம் பேசுவார். தன் பிள்ளையிடம் 'அதைக் கீழே வை' என்று சொல்லத் தெரியாது. தொடக்க வகுப்பில் சேருவோருக்கும் மூன்றாம் ஆண்டில் எஞ்சியிருப்போருக்கும் உள்ள இடைவெளி எல்லா மீட்பு முயற்சிகளிலும் பெரியது. ஒரு திட்டத்தின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் சேர்க்கை எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டு வகுப்பின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கும் இதே எச்சரிக்கையோடு படிக்கப்பட வேண்டியது. 1991இல் 643, 2001இல் 1,689, 2021இல் 2,223 என்று எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஆனால் இவை தமக்கு மொழி தெரியும் என்று மக்கள் தாமே சொன்ன விடைகள். வாரம் அரை மணி படித்த பிள்ளையின் படிவத்தைப் பெருமையோடு நிரப்பும் தந்தையும், முப்பதாண்டு மாங்ஸிலேயே கடிதம் எழுதிவரும் முதியவரும் இதில் ஒரே எண்ணாக விழுகிறார்கள். இப்போதைய மொழித் திட்டம் 2032க்குள் 5,000 பேர் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஏறத்தாழ 84,000 பேர் வாழும் தீவில் அது எட்ட முடியாத எண் அன்று. அதே கேள்வியைக் கேட்டு அதே வகை விடையைத் திரட்டினால், ஒரு நல்ல விளம்பர இயக்கத்தின் மூலமே அதை எட்டிவிடலாம். அப்போது இலக்கு நிறைவேறியிருக்கும். மாங்ஸில் நடக்கும் பேச்சின் அளவு சிறிதும் கூடியிருக்காது. 'நேற்று யாரிடம், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் மாங்ஸில் பேசினீர்கள்?' என்று கேட்டுப் பெறும் விடை சங்கடமான எண்களைத் தரும். ஆனால் திட்டமிடுவோருக்கு வேண்டியது அந்த எண்கள்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெயர்ப்பலகைகளையும் புல்மேட்டுச் சடங்கையும் வீண் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மாங்ஸ் பொதுவெளியில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால்தான் 1992இல் அவ்வளவு பெற்றோர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை தெருப் பலகையைப் படித்துப் பொருள் சொல்லும்போது அந்தப் பலகைக்கு முதன்முறையாக ஒரு வாசகர் கிடைக்கிறார். கெடுதல் நேர்வது, பலகைக்கு ஒதுக்கிய பணமும் அமைச்சரின் கையொப்பமும் ஆசிரியர் பணியிடத்துக்குப் பதிலாக வைக்கப்படும்போதுதான். பலகை ஒருமுறைச் செலவு. படம் எடுத்துக் காட்டலாம். ஆசிரியர் ஆண்டுதோறும் வரும் செலவு. ஓர் ஆசிரியர் நோயுற்றால் மாற்று ஆள் தீவிலேயே இல்லாமல் போகலாம். மாங்ஸ் வழிக் கல்வியின் பலமும் பலவீனமும் அந்த மாற்று ஆசிரியரின் இடத்தில்தான் இருக்கின்றன.

2001 செப்டம்பரில் அந்த ஒரே வகுப்பறையில் உட்கார்ந்த ஒன்பது பேரும் இப்போது முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் அவர்களைத் தொடர்ந்து சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களும் தாயும் தந்தையும் ஆகும் பருவம் இது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் க்ரெக்னீஷின் வீடுகளில், பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு பெற்றோரும் தனித்தனியே விடை சொன்னார்கள். அதே கேள்வி இப்போது இந்த இளைஞர்கள் முன் வந்திருக்கிறது. இம்முறை இரண்டு மொழிகளும் அவர்களுக்குச் சரளமாகத் தெரியும்.